பதில் வணக்கம்: அடுக்குமாடிக் குடியிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் அன்பர்களுக்கு,

நம் ஒவ்வொருவருடைய கட்டடத்தின் வாயிலிலும், நீலச் சட்டையோ சாம்பல் நிறச் சட்டையோ அணிந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாம் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கையை நெற்றிவரை உயர்த்துகிற ஒரு மனிதர் இருக்கிறார். அந்தக் கை உயர்ந்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி மாத்திரமே இந்த மடலில் எழுத விரும்புகிறேன். ஆட்டோ ஓட்டுபவரிடமும் காய்கறி விற்கும் அம்மாளிடமும் காட்டவேண்டிய மரியாதையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் அவர்களோடு நமக்குப் பேரம் என்ற ஒன்று இருப்பதனால், மனம் இல்லாதவரும் வாயைத் திறந்து பேசியே தீரவேண்டும். நம் பேச்சுப் பிடிக்காவிட்டால் ஆட்டோக்காரர் அந்தப் பக்கம் சவாரி வராது என்று சொல்லிவிடலாம், காய்காரம்மாள் அடுத்தவருக்கு எடை போடத் திரும்பிக்கொள்ளலாம். வாயிற்காவலருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நமக்கோ, அவரோடு ஒரு வார்த்தையும் பேசாமலே வருஷக்கணக்கில் ஒரே வாயிலில் போய்வந்துகொண்டிருப்பது சாத்தியமாக இருக்கிறது. ஆகையால் உபசாரம் என்பது அங்கேதான், வேறு எந்த நிர்ப்பந்தத்தின் துணையும் இன்றித் தனியே நிற்கவேண்டியிருக்கிறது.

அவர் செய்யும் சல்யூட் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் யோசித்துப் பார்க்கவேண்டும். அது ராணுவத்தின் வழக்கம். ராணுவத்திலிருந்தும் போலீஸ் இலாகாவிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, சீருடை, வருகைப் பதிவு, இரவு ரோந்து ஆகியவற்றோடு இந்த வழக்கமும் நம் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் படைகளில், சிப்பாய் அதிகாரிக்கு வணக்கம் செலுத்துவது எவ்வளவு கட்டாயமோ, அதிகாரி அதற்குப் பதில் வணக்கம் செலுத்துவதும் அவ்வளவு கட்டாயம். பதிலைப் பெறாத வணக்கம் அங்கே பாதியில் நின்ற காரியமாகவே கருதப்படும். நம்முடைய வாயிலுக்கு அந்தச் சம்பிரதாயத்தின் முற்பாதி மாத்திரமே வந்து சேர்ந்திருக்கிறது. கையை உயர்த்தத் தவறிய காவலரைச் சூப்பர்வைசர் கண்டிக்கிறார். உயர்ந்த கையைப் பார்த்தும் பாராமல் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனவரை யாரும் கண்டிப்பதில்லை. பெறுகின்ற மரியாதையைத் திருப்பித் தருவது பெரியவர்களின் கடமை என்று படைகளே விதித்திருக்கும்போது, அந்த விதியைச் சாதாரணக் குடிமக்களாகிய நாம் மட்டும் கழற்றி வைத்துவிட்டோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

சட்டமும் இந்த விஷயத்தில் ஒரு பக்கத்தைத்தான் கவனித்திருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவதற்காக 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உரிமம் பெறாமல் எந்த நிறுவனமும் காவலர்களை அனுப்பக்கூடாது என்றும், காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதை எட்டாதவராகவும் இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. அதை ஒட்டி மத்திய அரசு 2006இல் வெளியிட்ட மாதிரி விதிகள், குறைந்தது 20 வேலை நாட்களில் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் காவலருக்கு அளிக்கப்படவேண்டும் என்று சொன்னதோடு, தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாளச் சீட்டுகளைப் பரிசோதித்தல் முதலிய பாடங்களுக்கெல்லாம் முன்பாகப் பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் முறையை வைத்திருந்தன. ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே, முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற, தோளுக்கு ஒவ்வாத சட்டையை மாட்டிக்கொண்டு வாயிலில் நிற்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோமாகையால், இந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் உண்மையில் நடக்கிறது என்பது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, அவர் நம்மிடம் நடந்துகொள்ளவேண்டிய முறைக்குப் பாடத்திட்டம் உண்டு, நாம் அவரிடம் நடந்துகொள்ளவேண்டிய முறைக்கு எங்கும் இல்லை என்பதைத்தான். அதை நாமேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவேண்டும்.

நம்முடைய வணக்கம் எப்படிப்பட்ட ஒரு நாளின் நடுவே போய்ச் சேருகிறது என்பதை அறியாதவர் அதைச் சரியாகச் செலுத்த முடியாது. பெரும்பாலான கட்டடங்களில் டூட்டி 12 மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஒருவர், இரவு எட்டு மணிக்கு மற்றொருவர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது எழுத்தில் இருந்தாலும், லீவு எடுத்த நாளின் சம்பளம் பிடிக்கப்படும் இடங்களில் அது ஓய்வாக இருப்பதில்லை. ரிலீவர் வரவில்லை என்றால் இருப்பவரே தொடர்ந்து நிற்கவேண்டும். அதற்கு டபுள் டூட்டி என்று பெயர். காலையில் நாம் அவசரமாக வெளியே கிளம்பும் அதே எட்டு மணிதான் அவர் பதிவேட்டையும் சாவிக்கொத்தையும் எண்ணி ஒப்படைக்கும் நேரம். இருபத்து நான்கு மணி நேரம் நின்ற ஒருவர், தம்மை மாற்ற வரவேண்டியவர் தெருமுனையில் தென்படுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் அதுவாக இருக்கலாம். இதற்கிடையில் சம்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மோட்டார் போடுவது, மேல்தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது, தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறந்து குழாய் மாட்டும் வரை நிற்பது, கூரியர் வாங்கி வைப்பது, மின்சாரம் போனால் ஜெனரேட்டரைக் கவனிப்பது என்று, அவருடைய உத்தியோகப் பெயரில் அடங்காத எத்தனையோ வேலைகள் அவர் தலையில் விழுகின்றன.

ஆகவே வணக்கம் நீண்டதாக இருக்கவேண்டியதில்லை. நீண்டால் அதுவே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும். காலைப் பரபரப்பில் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்புப் போதும். இரவு நேரங்கழித்து வரும்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ள முயன்றால், "இருக்கட்டும், உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நாமே சிறு கதவைத் திறந்துகொண்டு போவது, எந்தப் புகழ்மொழியைக் காட்டிலும் மேலான உபசாரம். முக்கியமான ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வணக்கத்தோடு ஏவலைச் சேர்க்கக்கூடாது. "வணக்கம்ணே, கொஞ்சம் இந்த சிலிண்டரை மேல கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்க" என்பது வணக்கம் அன்று. அது ஏவலுக்குப் போட்ட மேலுறை. வேலை உள்ள நாட்களில் மாத்திரம் வணக்கம் சொல்லும் ஒருவரைக் காவலர் ஒரே மாதத்தில் அடையாளம் கண்டுகொள்வார். அதன்பின் அந்த முகம் புன்னகையோடு எதிரே வரும்போதே, இன்று என்ன சுமையோ என்று அவருடைய மனம் தயாராகிவிடும். ஒன்றும் வேண்டாத நாட்களில் சொன்ன வணக்கங்களே, வேண்டிய நாளில் கேட்பதைக் கேட்கத்தக்கதாகச் செய்கின்றன.

அழைக்கும் முறையும் அவ்வாறே கவனத்துக்கு உரியது. இரண்டாம் மாடியின் பால்கனியில் நின்றுகொண்டு "வாட்ச்மேன்!" என்று தெருவே அதிரும்படி கூவுவது நம் நகரத்தில் மிகவும் சகஜமாகிவிட்டது. அறுபது வயதுக்காரரை நம் வீட்டு எட்டு வயதுக் குழந்தை "நீ எங்க போன? பந்து எடுத்துக் கொடு" என்று கேட்குமானால், அந்தக் குழந்தை அதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை, பால்கனியில்தான் கற்றுக்கொண்டது. வயதுக்கு ஏற்றபடி அண்ணே என்றோ, ஐயா என்றோ, தம்பி என்றோ அழைக்க நம்மிடம் முறைகள் இருக்கின்றன. எல்லாவற்றினும் மேலாக அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சட்டைப் பையின்மேல் நிறுவனத்தின் பெயர் தைக்கப்பட்டிருக்குமே ஒழிய அவருடைய பெயர் பெரும்பாலும் இராது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். நேபாளத்திலிருந்து வந்தவர்களை எல்லாம் "பகதூர்" என்றே அழைக்கும் வழக்கத்தையும் நாம் விட்டுவிடவேண்டும். அது அங்கே அநேகருடைய பெயரில் இடையே வரும் ஒரு பகுதிதான். அவரை அவருடைய தாயார் அழைத்த பெயர் வேறு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்கள் முதலில் கற்கும் தமிழ்ச் சொற்களில் வணக்கமும் ஒன்று. அதை அவர்கள் சொல்லும்போது, உச்சரிப்பைக் கண்டு சிரிக்காமல், அதே சொல்லை நாமும் திரும்பச் சொன்னால், அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் ஒரு சொல்லாவது நிச்சயமாகக் கைவந்துவிடும்.

இந்தச் சிறிய காரியத்தினால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் பகுதியில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே இரவு டூட்டியில் இருந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். விடியற்காலை ஐந்து மணிக்குச் சம்பின் இரும்பு மூடியைத் தூக்கி, ஒரு மூங்கில் குச்சியை விட்டு நீர்மட்டத்தைப் பார்த்தபின் மோட்டார் போடுவது அவருடைய வழக்கம். ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு விடியலில் மூடியைத் திறந்தபோது, தண்ணீரிலிருந்து சாக்கடை வாடை லேசாக எழுந்ததை அவர் உணர்ந்தார். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. மோட்டாரையும் வழக்கம்போலவே போட்டார். நான் பிற்பாடு அவரோடு சம்பாஷித்தபோது, சொல்லாததற்குக் காரணம் கேட்டேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, மாடிப்படி விளக்கின் வயர் தளர்ந்து பொறி பறப்பதாக அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம் போய்ச் சொன்னபோது, "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பார்த்துக்குவான், நீ கேட்டைப் பாரு" என்ற பதில் கிடைத்ததாம். அன்றிலிருந்து, கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் வாயைத் திறப்பதில்லை என்று தமக்குத் தாமே ஒரு தீர்மானம் செய்துகொண்டிருந்தார்.

அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு பள்ளி ஆசிரியை குடியிருந்தார். பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஏழு மணிக்கு முன்பே அவர் இறங்கிவரும்போது, இரவுக் காவலர் இன்னும் டூட்டியில்தான் இருப்பார். "வணக்கம்ணே, ராத்திரி எப்படிப் போச்சு?" என்று அவர் கேட்பார், "நல்லாப் போச்சும்மா" என்று இவர் சொல்வார். அநேகமாக எல்லா நாட்களிலும் அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் அந்த அம்மாள் கேட்டின் கம்பியில் கையை வைத்தபடி நிற்பார் என்பதைக் காவலர் என்னிடம் இரண்டு முறை குறிப்பிட்டுச் சொன்னார். வாடை எழுந்த இரண்டாம் நாள், அந்த வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதில் வரவில்லை. "நல்லாத்தாம்மா போச்சு. ஆனா சம்பு மூடியைத் தொறந்தா ஒரு நாத்தம் வருது. நேத்தே வந்துச்சு, இன்னிக்குக் கூட இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்" என்றார்.

ஆசிரியை பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு போய் மூடியைத் திறக்கச் சொல்லித் தாமே முகர்ந்து பார்த்தார். மோட்டார் போடவேண்டாம் என்று சொல்லி, செயலாளரையும் அங்கிருந்தே அழைத்தார். குழாய்ப் பணியாளர் வந்து பார்த்ததில் விஷயம் விளங்கியது. சம்பிலிருந்து நாலடி தூரத்தில் கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மழையில் அதன் வாய் அடைபட்டு, கழிவுநீர் மேலே ஏறி நின்று, இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரின் பூச்சு விட்ட இடத்தின் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. சம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாரி, விரிசலைச் சிமெண்டால் அடைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவர்களைத் தேய்த்துக் கழுவினார்கள். மேல்தொட்டியையும் அவ்வாறே செய்யவேண்டியிருந்தது, ஏனெனில் இரண்டு நாட்களாக அந்தத் தண்ணீர் அங்கே ஏறியிருந்தது. அதற்குள் இரண்டு வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டிருந்தது. நல்ல வேளையாக விரைவில் குணமாயிற்று. சில நாட்கள் கேன் தண்ணீரும் லாரித் தண்ணீருமாகக் கழிந்தன. வாடை நன்றாக எழுந்து எல்லாக் குழாய்களிலும் தெரியும் வரையில் காத்திருந்தால், இன்னும் எத்தனை வீடுகளில் நோய் புகுந்திருக்குமோ தெரியாது.

இந்தச் சம்பவத்தில் என் மனத்தைக் கவர்ந்தது காவலருடைய கூர்மை அன்று. அந்தக் கூர்மை முதல் நாளே இருந்தது. செயலாளரும் கெட்ட மனிதர் அல்லர். நான் அவரை அறிவேன், கட்டடத்தின் நன்மைக்காகத் தம்முடைய நேரத்தைச் செலவிடுகிற கண்ணியவான். ஆனால் அவர் காவலரிடம் பேசிய பேச்சு முழுவதும் உத்தரவாகவோ விசாரணையாகவோ இருந்தது. உத்தரவுக்குப் பதில் "சரி சார்". விசாரணைக்குப் பதில் "நான் இல்லை சார்". இந்த இரண்டையும் தவிர மூன்றாவது வார்த்தை பிறப்பதற்கு அந்த உறவில் இடமே இல்லை. ஆசிரியையின் கேள்வியோ எதையும் கோராதது. நாள்தோறும் ஒரே நேரத்தில் வருவது. பதிலுக்குச் சில விநாடி நிற்பது. அதனாலே, கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு ஓர் அசௌகரியமான செய்தியைச் சொல்வதற்கு வேண்டிய துணிச்சலைக் காவலர் புதிதாகத் திரட்ட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே திறந்திருந்த பேச்சுக்குள் அந்தச் செய்தியை வைத்தால் போதுமாயிருந்தது. பிற்பாடு நடந்த சங்கக் கூட்டத்தில் ஆசிரியை, இதைக் கண்டுபிடித்தவர் இரவுக் காவலரே என்று எல்லாருக்கும் முன்னிலையில் சொன்னதும், செயலாளர் எழுந்து அதை ஆமோதித்ததும் என்னால் மறக்கமுடியாதவை. சொல்லியதன் பலன் சொன்னவருக்குச் சேராவிட்டால், அடுத்த முறை அவர் மறுபடியும் ஊமையாகிவிடுவார்.

இனி, வணக்கத்தின் உண்மையான பரீட்சை எங்கே நடக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். அது நம் விருந்தாளியைக் காவலர் வாயிலில் நிறுத்தும் நேரத்தில் நடக்கிறது. முன்பின் தெரியாதவரைப் பதிவேட்டில் பெயரும் வீட்டு எண்ணும் வந்த நேரமும் எழுதச் செய்து, வீட்டுக்காரரைக் கேட்டபின்பே உள்ளே விடவேண்டும் என்று பொதுக்குழுவில் கையைத் தூக்கித் தீர்மானம் செய்தவர்கள் நாம். நம் மைத்துனர் இரவு பத்தரை மணிக்கு வந்து, எழுத மறுத்து, நம் தொலைபேசியும் எடுபடாமல் போய், அரை மணி நேரம் வெளியே நிற்க நேர்ந்தால், மறுநாள் யார்மீது சீறுகிறோம்? தினந்தோறும் இனிமையாக வணக்கம் சொன்னவர்களே "என் வீட்டு ஆளையே நிறுத்துறியா?" என்று கேட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியில், அதற்கு முன் சொன்ன அத்தனை வணக்கங்களும் காவலருடைய மனத்தில் கணக்குத் தீர்ந்துபோகின்றன. அதன் விளைவையும் எளிதில் கண்டுகொள்ளலாம். சில நாட்களில் பதிவேட்டின் பக்கங்களில் கூரியர்காரர்களின் பெயர்கள் மாத்திரமே இருக்கும். நல்ல சட்டை போட்டு வந்தவர்கள் எல்லாரும் எழுதாமலே உள்ளே போயிருப்பார்கள். அதற்குப் பதிலாக, "சரியாத்தான் செஞ்சீங்க, அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று விருந்தாளியின் எதிரிலேயே சொல்லும் வீட்டுக்காரருக்கு, காவலர் தம் வேலையை முழுமையாகச் செய்வார், அவரோடு சேர்ந்து எல்லா வீடுகளுக்கும் அந்தக் காவல் கிடைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் அபாயம் உண்டு. நாள்தோறும் பேசிப் பழகியபின், அந்தப் பழக்கத்தையே கைமுதலாக வைத்துக்கொண்டு, கார் கழுவுவது, மளிகைக் கடைக்குப் போய்வருவது, நாயை உலாவ அழைத்துச் செல்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அன்பாகக் கேட்கப்படுவதை மறுப்பது, அதட்டிக் கேட்கப்படுவதை மறுப்பதைவிடக் கடினம். ஆகையால் இந்தச் சுரண்டல் அதட்டி வேலை வாங்குவதைக் காட்டிலும் ஆழமானது. காவலர் கேட்டை விட்டுக் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில் ஏதேனும் காணாமற்போனால், போகச் சொன்னவர் பதில் சொல்லமாட்டார். போனவர்தான் வேலையை இழப்பார். அவருக்கு விருப்பமானால், டூட்டி முடிந்த நேரத்தில், பேசிக்கொண்ட கூலிக்கு அந்த வேலைகளைச் செய்யட்டும். அப்போது அது உபகாரமும் அன்று, உபத்திரவமும் அன்று, நியாயமான தொழில்.

வணக்கத்தால் ஆகக்கூடியதற்கு ஓர் எல்லை இருப்பதையும் நாம் மறந்துவிடலாகாது. சம்பளம், ஓய்வு, உட்காரும் இடம், கழிவறை ஆகிய நான்கும் வணக்கத்தால் வருவன அல்ல. நாம் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமாகக் கொடுப்பதிலிருந்து சங்கம் ஏஜென்சிக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அதில் அவர் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அநேகமாக நம்மில் ஒருவருக்கும் தெரியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளிக்கு, இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ், சம்பளத்தில் அவர் பங்காக நூற்றுக்கு 0.75ம், வேலை தருபவர் பங்காக நூற்றுக்கு 3.25ம் செலுத்தப்படவேண்டும். பிடித்தம் செய்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருந்தால்தான் அவருடைய மனைவிக்கோ பிள்ளைக்கோ உடம்புக்கு வந்த நாளில் கே.கே. நகரிலோ அயனாவரத்திலோ உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் கிடைக்கும். "உங்க இ.எஸ்.ஐ. நம்பர் வந்துடுச்சா?" என்று ஒரு நாள் கேட்பது, ஒரு வருஷத்து வணக்கங்களின் அர்த்தத்தைப் பூர்த்தி செய்யும் கேள்வி. இல்லை என்று அவர் சொன்னால், அவர் பெயரை வெளியிடாமல் சங்கத்தின் மூலமாக ஏஜென்சியிடம் ரசீது கேட்பது நம் கடமை. அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால், அடுத்த வாரமே அவர் வேறு ஊரில் வேறு கேட்டில் நின்றுகொண்டிருப்பார்.

நாற்காலியைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவில் தூங்கிவிடுவார் என்ற பயத்தினால் பத்து மணிக்கு மேல் நாற்காலியை எடுத்துப் பூட்டிவைக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலேயே தன்னுடைய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. நகைக்கடையிலும் துணிக்கடையிலும் நிற்கிறவர்களுடைய கால்கள் நோகும் என்பதை உணர்ந்த ஒரு நாட்டில், நம் வீட்டு வாயிலில் நிற்பவருடைய கால்களை மறந்துவிடுவது தகாது. தூக்கத்தை விரட்ட வேண்டுமானால், நள்ளிரவுக்குமேல் மணிக்கு ஒரு முறை கட்டடத்தைச் சுற்றிவந்து பதிவேட்டில் கையொப்பம் இடச் செய்யலாம். சுற்றிவந்த பின் உட்கார அவருக்கு ஓர் இடம் இருக்கட்டும். கழிவறை இல்லாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவர் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க அஞ்சுவார் என்பதை, அவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று அன்போடு கேட்கிறவர்கள்கூட நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. ஏஜென்சிகள் சில மாதங்களுக்கு ஒரு முறை ஆட்களை மாற்றிவிடுகின்றன. ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் பழக்கம் ஏற்பட்டுவிடும் என்பதே அவர்கள் கூறும் காரணம். நேற்றுவரை நமக்குக் கதவு திறந்தவர் இன்று இல்லை. வேறொருவர் அதே சட்டையில் நிற்கிறார். போனவர் எங்கே போனார் என்று யாரும் சொல்வதில்லை, வந்தவர் யார் என்றும் சொல்வதில்லை. புதியவருக்கோ இருபத்து நான்கு வீடுகளின் முகங்களும் வண்டிகளும் ஒரே நாளில் பழக்கமாக வேண்டியிருக்கிறது. தெரியாமல் ஒருவரை நிறுத்தினால் ஏச்சு, தெரியாமல் ஒருவரை விட்டால் அதைவிடப் பெரிய ஏச்சு. ஆகையால் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், மேற்சொன்ன இருக்கையையும் கழிவறையையும் பற்றிய தீர்மானங்களோடு இதையும் சேர்த்து நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்: காவலர் மாறும் நாளில், பழையவர் ஒரு டூட்டி முழுவதும் புதியவரோடு கூட இருந்து வீடுகளையும் மோட்டாரையும் சாவிகளையும் காட்டிக்கொடுக்க ஏஜென்சி சம்பளத்தோடு அனுமதிக்க வேண்டும், புதியவருடைய பெயரை அவர் விரும்பினால் அறிவிப்புப் பலகையில் எழுதவேண்டும், செயலாளரோ, அவர் இல்லாவிட்டால் கமிட்டியில் ஒருவரோ, அன்று மாலை வீடுகள் நிறைந்திருக்கும் நேரத்தில் அவரை அழைத்துக்கொண்டு தளந்தோறும் போய் அறிமுகப்படுத்த வேண்டும். விடைபெற்றுப் போகிறவரையும் அதே மாலையில் எல்லாரும் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்